ஓட்டை வேறு, கம்பளி வேறு

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் சாயங்காலம் என் வீட்டுக்கு வருவார்கள். கொடைக்கானலில் ஆறு மணிக்கே குளிர் ஏறிவிடும் என்பதால் கதவைச் சாத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து படிப்போம். போன மாதம் அவர்களுக்கு ஒரு கேள்வி கொடுத்தேன்.

புவி வெப்பமாதலுக்கு முக்கியக் காரணம் எது? அ) ஓசோன் படலத்தில் ஏற்பட்ட துளை. ஆ) கார்பன் மோனாக்சைடு. இ) கார்பன் டை ஆக்சைடு. ஈ) கந்தக டை ஆக்சைடு.

பாதிப் பேருக்கு மேல் 'அ' என்று எழுதியிருந்தார்கள். பூம்பாறையிலிருந்து வரும் ஒரு பெண், நன்றாகப் படிக்கிறவள், அவளும் அதைத்தான் எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"ஓட்டை விழுந்துட்டா வெயில் கூடுதலா உள்ள வரும். வெயில் கூடினா சூடு கூடும். இதுல என்ன சார் தப்பு?"

கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. அதனால்தான் இந்தத் தவறு இவ்வளவு பேரிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓட்டு வீட்டில் ஓடு உடைந்தால் வெயில் உள்ளே அடிக்கும் என்பது நமக்குத் தெரிந்த அனுபவம். 'ஓசோன் ஓட்டை' என்று சொன்னதும் அந்தப் படம் மனதில் வந்துவிடுகிறது. அவள் சொன்னதில் சிக்கல் 'வெயில்' என்ற சொல்லில் இருக்கிறது. வெளிச்சம், சூடு, தோலைக் கறுக்க வைப்பது என எல்லாவற்றையும் தமிழில் அந்த ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறோம். இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமானால் அதை இரண்டாகப் பிரித்தாக வேண்டும். நல்லவேளையாக, மலையில் இருப்பவர்களுக்கு அதைப் பிரித்துக் காட்டுவது சுலபம்.

கோடை சீசனில் ஏரியைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டும் சுற்றுலாக்காரர்களைப் பாருங்கள். ஸ்வெட்டர் போட்டிருப்பார்கள், காதில் குல்லா இருக்கும். மூன்றாம் நாள் ஊருக்குக் கிளம்பும்போது மூக்கும் கன்னமும் கறுத்து, சிலருக்குத் தோல் உரிந்தும் இருக்கும். குளிரில் நடுங்கிக்கொண்டே வெயிலில் கருகியிருக்கிறார்கள்!

கணக்காகவே பார்க்கலாம். வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,800 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் காற்றின் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி குறையும். ஆகவே வத்தலக்குண்டைவிட இங்கே 12 டிகிரி அளவுக்குக் குளிர். ஆனால் தோலைக் கறுக்க வைக்கும் புற ஊதாக் கதிர் ஆயிரம் மீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூடுகிறது, ஏனென்றால் தலைக்கு மேலே அதைச் சிதறடிக்கும் காற்று குறைவு. அப்படியானால் இங்கே அந்தக் கதிர் இருபது சதவீதம் வரை அதிகம். ஒரே மலைப்பாதையில் ஒன்று இறங்குகிறது, இன்னொன்று ஏறுகிறது. சுடுவதும் கருக்குவதும் ஒன்றாக இருந்தால் இப்படி நடக்க வழியே இல்லை.

இதைச் சொன்னதும் பூம்பாறைப் பெண் சற்று யோசித்தாள். "அப்போ சூடு எங்கிருந்து சார் வருது?"

அதற்கு இரவுக்குப் போக வேண்டும்.

பனி விழும் இரவு

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ஏரிக்கரை, ஜிம்கானா, கீழ்பூமிப் பக்கம் புல்வெளி விடியற்காலையில் வெள்ளை வெளேரென்று உறைந்து கிடக்கும். எந்த இரவில் உறைபனி விழும் என்பது தோட்டக்காரர்களுக்குத் தெரியும். வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிந்து, காற்று அசையாமல், நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்தால் அன்றைக்கு உருளைக்கிழங்குச் செடிக்குக் கஷ்டம்தான். மேகம் மூடியிருந்தால் பயம் இல்லை.

இரவில் சூரியன் இல்லை. ஆக, இரண்டு இரவுகளுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு, உள்ளே வரும் வெயில் காரணமாக இருக்க முடியாது. வெளியே போகிற சூடுதான் காரணம். பகலில் வாங்கிய சூட்டை மண் இரவெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தெளிந்த இரவில் அதில் பெரும்பகுதி வானத்துக்குப் போய்விடும், மண் சில்லிட்டு உறையும். மேகம் இருந்தால் அது அந்தக் கதிரை உறிஞ்சி, ஒரு பங்கைத் திரும்பக் கீழே அனுப்பும். கம்பளி போர்த்திக்கொண்டு படுப்பது மாதிரி. கம்பளி தானாகச் சூடு தருவதில்லை, நம் உடம்புச் சூட்டைப் போகவிடாமல் வைத்திருக்கிறது.

கார்பன் டை ஆக்சைடு, நீராவி, மீத்தேன் எல்லாம் செய்வது இதே கம்பளி வேலைதான். இந்தக் கம்பளியே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 18 டிகிரியாக இருந்திருக்கும். இருப்பதால் 15 டிகிரி. கம்பளி இருப்பது கெடுதல் இல்லை, அது தடித்துக்கொண்டே போவதுதான் கெடுதல். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது.

பாடப் புத்தகம் இதைப் 'பசுமை இல்ல விளைவு' என்கிறது. எனக்கு இந்தப் பெயர் பிடிப்பதில்லை. 'பசுமை' என்றதும் மரம், செடி, நல்ல விஷயம் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். 'பசுமை இல்ல வாயுக்களைக் குறைக்க வேண்டும்' என்ற வாக்கியத்தைத் தவறு என்று குறித்த பையன் ஒருவன் என்னிடம் படித்தான். அவனைக் குறை சொல்ல முடியாது. போதாததற்கு, நம் ஊர்ப் பூந்தோட்டங்களில் இருக்கும் பாலிஹவுஸ் சூடாக இருப்பதற்கு முக்கியக் காரணம், சூடான காற்று மேலெழுந்து வெளியே போகாமல் ஷீட் தடுப்பதுதான். வாயுக் கம்பளி காற்றைத் தடுப்பதில்லை, கதிரைத் தடுக்கிறது. பெயர் நிலைத்துவிட்டது, என்ன செய்வது.

இப்போது இரண்டு வாசல்கள் கிடைத்துவிட்டன. உள்ளே வரும் வாசலில் புற ஊதாக் கதிர், அங்கே காவல் நிற்பது ஓசோன். வெளியே போகும் வாசலில் அகச்சிவப்புக் கதிர், அங்கே தடுப்பது கார்பன் டை ஆக்சைடும் அதன் கூட்டாளிகளும். 'புற', 'அக' என்ற முன்னொட்டுகள் குழப்பினால், வானவில்லின் ஊதா ஓரத்துக்கு அப்பால் இருப்பது ஒன்று, சிவப்பு ஓரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பது இன்னொன்று என்று வைத்துக்கொள்ளலாம். முதலாவது தோலையும் பயிரையும் சேதப்படுத்தும். இரண்டாவது வெறும் அனல்.

மாணவியின் கேள்விக்குத் திரும்புவோம். ஓசோன் மெலிந்தால் புற ஊதாக் கதிர் கூடுதலாக வரும், அது உண்மை. அதனால் தோல் புற்றுநோயும் கண்புரையும் கூடும், அதுவும் உண்மை. ஆனால் ஓசோன் வடிகட்டும் அந்தப் பகுதி மொத்தச் சூரிய ஆற்றலில் சுமார் இரண்டு சதவீதம்தான். அதிலும் ஒரு சிறு பங்குதான் கூடுதலாகக் கசிகிறது. அதோடு ஒரு திருப்பமும் உண்டு. ஓசோன் தான் உறிஞ்சும் கதிரால் தான் இருக்கும் அடுக்கைச் சூடாக்குகிறது. ஓசோன் குறைந்தால் அந்த அடுக்கு குளிர்ந்துபோகிறது, அங்கிருந்து கீழே வரும் அனலும் குறைகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், மேலடுக்கு ஓசோன் குறைந்ததன் நிகர விளைவு தரையில் மிகச் சிறிய குளிர்ச்சிதான். 'ஓட்டையால் பூமி சுடுகிறது' என்பது அளவிலும் தவறு, திசையிலும் தவறு.

இதிலிருந்து ஒரு தடயமும் கிடைக்கிறது. கடந்த பல பத்தாண்டுகளாகத் தரை சூடாகிவருகிறது, அதே காலத்தில் மேலே ஓசோன் இருக்கும் அடுக்குமண்டலம் குளிர்ந்துவருகிறது. சூரியன் கூடுதலாகக் காய்வதால் வந்த சூடு என்றால் இரண்டும் சேர்ந்தே சூடாகியிருக்க வேண்டும். கம்பளி தடித்ததால் வந்த சூடு என்பதால்தான் உள்ளே புழுக்கமும் வெளியே குளிருமாக இருக்கிறது, மேலே குளிர்ந்ததில் ஓசோன் குறைந்ததற்கும் பங்கு உண்டு.

இரண்டு வீட்டிலும் கை நனைக்கும் வாயு

இவ்வளவு தெளிவானதும் பிள்ளைகளுக்கு ஒரு தைரியம் வரும். அந்தத் தைரியத்தைக் கவிழ்ப்பதற்கென்றே ஒரு வகைக் கேள்வி உண்டு.

கூற்று: குளோரோ புளூரோ கார்பன்கள் புவியை வெப்பமாக்குகின்றன. காரணம்: அவை ஓசோன் படலத்தைச் சிதைக்கின்றன.

ஓசோனும் வெப்பமாதலும் வேறு வேறு என்று இப்போதுதானே படித்தோம் என்று பலர் கூற்றையே தவறென்று அடித்துவிடுவார்கள். கூற்று சரி. காரணமும் தனியாகப் பார்த்தால் சரி. ஆனால் அந்தக் காரணம் அந்தக் கூற்றை விளக்கவில்லை. ஒரே ஆள் இரண்டு தொழில் செய்கிறான், ஒரு தொழிலின் வருமானத்துக்கு மற்றத் தொழில் காரணம் இல்லை.

முதல் தொழில் மேலே நடக்கிறது. குளோரோ புளூரோ கார்பன் கீழே எதனோடும் வினைபுரியாத சாது. எரியாது, நாறாது, மக்காது. அதனால்தான் குளிர்சாதனப் பெட்டியிலும் தெளிப்பான்களிலும் அதை ஆசையாகப் பயன்படுத்தினார்கள். மழையில்கூடக் கரையாமல் மெல்ல மெல்ல அடுக்குமண்டலத்துக்கு ஏறுகிறது. அங்கே கடுமையான புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரின் அணு வெளியே வருகிறது.

Cl + O3 → ClO + O2
ClO + O → Cl + O2

இரண்டாம் வரியின் முடிவில் குளோரின் மறுபடி முழுசாக வெளியே வந்து நிற்பதைக் கவனியுங்கள். அது செலவாகவில்லை. அடுத்த ஓசோனைத் தேடிப் போகும். இப்படி ஒரு குளோரின் அணு ஓர் லட்சம் ஓசோன் மூலக்கூறுகள் வரை அழிக்கும் என்பது கணக்கு. 1974இல் மோலினாவும் ரோலண்டும் இதை எச்சரித்தார்கள். 1995இல் கிருட்சனோடு சேர்த்து அவர்களுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

இரண்டாவது தொழில் வெளியே போகும் வாசலில். மண்ணிலிருந்து மேலே போகும் அகச்சிவப்புக் கதிரில் சில அலைநீளங்களை நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அதிகம் தொடுவதில்லை. கம்பளியில் நெய்யாமல் விட்ட இடைவெளி அது. குளோரோ புளூரோ கார்பன் சரியாக அந்த இடைவெளியில் போய் அடைக்கிறது. பழைய குளிர்சாதனப் பெட்டிகளில் இருந்த ஆர் 12 என்ற வகையில் ஒரு கிலோ, நூறு ஆண்டுக் கணக்கில் சுமார் பத்தாயிரம் கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம்.

இரண்டும் தனித்தனித் தொழில் என்பதற்குச் சாட்சி உங்கள் வீட்டுச் சமையலறையில் இருக்கலாம். குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கமோ உள்ளேயோ ஒட்டியிருக்கும் தாளில் வாயுவின் பெயர் இருக்கும். ஆர் 12க்குப் பதிலாக வந்தது ஆர் 134 ஏ. அதில் குளோரின் கிடையாது, ஆகவே ஓசோனுக்குச் சேதம் இல்லை. ஆனால் கம்பளி வேலையில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல ஆயிரத்து முந்நூறு மடங்குக்கு மேல். ஓசோன் பிரச்சினைக்கு மருந்தாக வந்தது வெப்பப் பிரச்சினைக்கு நோயாகிவிட்டது. இப்போது பல பெட்டிகளில் இருப்பது ஆர் 600 ஏ. அது ஐசோபியூட்டேன், அடுப்பு எரிவாயுவின் சொந்தக்காரன். ஓசோனையும் தொடாது, வெப்பமாக்குவதும் மிகக் குறைவு. தீப்பற்றும் என்பதுதான் குறை, அதனால் கொஞ்சமாக அடைக்கிறார்கள்.

ஒப்பந்தங்களின் பெயர்களையும் இதோடு சேர்த்து நினைத்தால் குழம்பாது. 1987 மாண்ட்ரியல் ஓசோனுக்கு. செப்டம்பர் 16 ஓசோன் நாளாக இருப்பது அந்த ஒப்பந்தத்தின் தேதியால். 1997 கியோட்டோவும் 2015 பாரிசும் வெப்பமாதலுக்கு. நடுவில் ஒன்று வேண்டுமென்றே இடறிவிடும்: 2016 கிகாலி. அது மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் திருத்தம், ஆனால் குறைக்கச் சொல்வது ஆர் 134 ஏ போன்ற, ஓசோனைத் தொடாத வாயுக்களை. ஓசோன் ஒப்பந்தத்தின் கையால் வெப்பத்தைப் பிடிக்கிறார்கள்.

260 என்றால் ஓட்டையா?

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899இல் ஏற்பட்டது. அந்த மேட்டில் சூரியனை மட்டும் பார்க்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் வானிலைத் துறை அங்கே டாப்சன் கருவி வைத்து ஓசோனையும் அளக்கத் தொடங்கியது. கருவியின் யோசனை எளிமையானது. சூரிய ஒளியில் இரண்டு புற ஊதா அலைநீளங்களை எடுத்துக்கொள்வார்கள். ஒன்று ஓசோன் விழுங்கக்கூடியது, மற்றது அவ்வளவாக விழுங்காதது. தரைக்கு வந்து சேரும்போது முதலாவது எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதை வைத்துத் தலைக்கு மேலே எவ்வளவு ஓசோன் இருக்கிறது என்று கணக்கிடுவார்கள்.

அலகு டாப்சன். மேலே பரவிக் கிடக்கும் ஓசோன் முழுவதையும் கடல்மட்ட அழுத்தத்தில், சுழியம் டிகிரியில் ஒரு தகடாகச் சேர்த்தால் நூறு டாப்சனுக்கு ஒரு மில்லிமீட்டர் தடிமன் வரும். உலகச் சராசரி சுமார் 300, அதாவது மூன்று மில்லிமீட்டர். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு நாணயங்களின் தடிமன் அளவுதான். 'படலம்' என்றதும் தார்ப்பாய் விரித்தாற்போல் ஓர் உருவம் தோன்றும், ஆனால் உண்மையில் அது 15 முதல் 35 கிலோமீட்டர் உயரம்வரை காற்றோடு கலந்து கிடக்கும் சொற்ப ஓசோன்தான்.

நம் ஊர்த் தலைக்கு மேலே இருப்பது 260 அளவில். 300க்குக் குறைவாயிற்றே, நமக்கு மேலேயும் ஓட்டையா என்று ஒரு பையன் பதறினான். நியாயமான கேள்விதான். துளை என்று சொல்வது 220க்குக் கீழே போனால். நிலநடுக்கோட்டுப் பக்கம் ஓசோன் இயல்பாகவே குறைவு. இதில் வேடிக்கை, வெயில் அதிகம் உள்ள இந்தப் பகுதியில்தான் ஓசோன் அதிகம் உற்பத்தியாகிறது. உற்பத்தியானதை மேலடுக்குக் காற்றோட்டம் துருவங்களை நோக்கித் தள்ளிக்கொண்டு போய்விடுகிறது. விளைவது இங்கே, குவிவது அங்கே. மலைப்பூண்டு பூம்பாறையில் விளைந்தாலும் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடப்பது வடுகப்பட்டிச் சந்தையில்தானே.

அண்டார்டிகாவில் நடந்தது வேறு. அங்கே ஹாலி என்ற பிரிட்டிஷ் ஆய்வு நிலையத்தில் இதே டாப்சன் கருவியால் அளந்துவந்தார்கள். அக்டோபர் மாதத்தில் முன்பு 300 வரை இருந்தது, 1980களின் நடுவில் 200க்கு வந்துவிட்டது. 1985இல் அந்தச் செய்தி வெளியானது. உலகச் சராசரியைவிடக் குறைவான எண் என்பது மட்டும் துளைக்கு அடையாளம் இல்லை. அந்த இடத்துக்கு உரிய எண்ணிலிருந்து சரிந்ததுதான் அடையாளம்.

குளிர்சாதனப் பெட்டிகள் அதிகம் இருந்தது வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும். துளை ஏன் பென்குயின் ஊரில்? குளோரோ புளூரோ கார்பனுக்கு ஆயுள் ஐம்பது முதல் நூறு ஆண்டு. அதற்குள் அது உலகக் காற்று முழுவதும் சமமாகக் கலந்துவிடும். எங்கே விட்டார்கள் என்பதற்கு அர்த்தமே இல்லை. ஆனால் அண்டார்டிகாவின் நீண்ட குளிர்கால இருட்டில் மேலடுக்கு மைனஸ் 78 டிகிரிக்கும் கீழே போகும்போது அங்கே பனித் துகள் மேகங்கள் உருவாகின்றன. சும்மா கிடக்கும் குளோரின் சேர்மங்கள் அந்தத் துகள்களின் மேல் வினைபுரிந்து தயாராக நிற்கும். செப்டம்பரில் சூரியன் உதித்ததும் கூட்டமாக வேலையைத் தொடங்கும். கடும் குளிரும் அதன்பின் வெளிச்சமும் அந்த அளவுக்குச் சேர்ந்து அமைவது அங்கேதான்.

நல்ல ஓசோன், கெட்ட ஓசோன்

'ஓசோன் ஒரு காற்று மாசு: சரியா, தவறா?' என்று கேட்டால் இதுவரை படித்தது எல்லாம் தவறு என்றே சொல்லத் தூண்டும். விடை, சரி. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே O3தான். இடம்தான் அதை நல்லதாகவும் கெட்டதாகவும் ஆக்குகிறது. 20 கிலோமீட்டர் உயரத்தில் கதிரை மறிக்கும் அதே வாயு மூக்குக்குள் போனால் மூச்சுக்குழாயை அரிக்கும். நம் நாட்டுக் காற்றுத் தர அளவில் ஓசோனுக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பு ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம்.

இன்னொரு பொறி இதற்குள் இருக்கிறது. வண்டிப் புகையில் ஓசோன் வருவதில்லை. புகையில் வருவது NO, NO2 என்ற நைட்ரஜன் ஆக்சைடுகள். வெயில் பட்டு NO2 உடையும்போது ஓர் ஆக்சிஜன் அணு தனியாகிறது, அது பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஓசோனாகிறது. இது தொடர்ந்து பெருகுவதற்கு ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் வேண்டும். பெட்ரோல் ஆவி அப்படிப்பட்டது. நம் மலையில் தைல மரங்கள் விடும் ஆவியும் அந்த வகையே, ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு இல்லாத இடத்தில் அதனால் பெரிதாக ஓசோன் உண்டாகாது. எனவே ஓசோன் இரண்டாம் நிலை மாசு, நைட்ரஜன் ஆக்சைடுகளைப்போல் புகைக் குழாயிலிருந்து அப்படியே வருவது அல்ல.

மே மாதச் சனிக்கிழமை வெள்ளி நீர்வீழ்ச்சி தொடங்கி மூஞ்சிக்கல் வரை வண்டிகள் ஊர்ந்துகொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள் (2024 மே முதல் இ-பாஸ் வந்தும் சீசன் கூட்டம் கூட்டம்தான்). அங்கே ஓசோன் உச்சத்தில் இருக்கும் என்று நினைப்போம். பெரும்பாலும் இருக்காது. புகையில் சூடாக வரும் NO பக்கத்திலிருக்கும் ஓசோனைப் பிடித்துத் தின்றுவிடும். காற்று தள்ளிப்போன பிறகு, நெரிசலே இல்லாத இடத்தில், மதியத்துக்குமேல் ஓசோன் ஏறும். மாசு எங்கே கிளம்பியதோ அங்கேயே அளந்துவிட்டுக் 'காற்று சுத்தம்' என்று சொல்ல முடியாததற்கு இதுவே காரணம்.

முதல் கேள்வியில் மிச்சமிருக்கும் இரண்டு விடைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கந்தக டை ஆக்சைடு அமில மழைக்குரியது. அது வளிமண்டலத்தில் உண்டாக்கும் நுண்துகள்கள் வெயிலைத் திருப்பியனுப்பிப் பூமியைக் கொஞ்சம் குளிர்விக்கத்தான் செய்கின்றன. கார்பன் மோனாக்சைடு, பெயரில் மட்டும் டை ஆக்சைடின் தம்பி. அது கொல்வது ரத்தத்தில். ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் பிடிப்பாக ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொள்ளும். குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பை வைத்துவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்தி மலைக்குப் புதிதல்ல. நிறமோ மணமோ இல்லாததால் தூங்குபவருக்குத் தெரியவே தெரியாது. அவர்களைக் கொன்றது 'கரியமில வாயு' என்று எழுதுகிறார்கள், பெரும்பாலும் அது மோனாக்சைடுதான்.

எல்லாம் முடிந்து புத்தகத்தை மூடும்போது பூம்பாறைப் பெண் கேட்டாள்: "எங்க அப்பா பூண்டுக்கு யூரியா போடுறாரு. அதுல இருந்து ஏதோ நைட்ரஜன் வாயு வரும்னு படிச்சேன். அது எந்த வாசல் சார்?"

NO, NO2 இரண்டோடும் அதைக் குழப்பாமல் கேட்டதே பெரிது. அது N2O, நைட்ரஸ் ஆக்சைடு. வண்டிப் புகை நைட்ரஜன் ஆக்சைடுகள் மணிக்கணக்கிலோ சில நாட்களிலோ கரைந்துவிடும். இது நூறு ஆண்டுக்கு மேல் நிற்கும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் யூரியாவின் நைட்ரஜனைச் சிதைக்கும்போது இது வெளியே வருகிறது, ஈரம் தேங்கிய மண்ணில் அதிகம்.

பலகையில் கணக்குப் போட்டோம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன், ஏறத்தாழ 21 கிலோ. அதில் நூற்றுக்கு ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது என்பது பொதுவாகக் கொள்ளும் கணக்கு. மண்ணையும் மழையையும் பொறுத்துக் கூடலாம், குறையலாம். ஆக்சிஜனின் எடையையும் சேர்த்தால் மூட்டைக்கு மூன்றில் ஒரு பங்கு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு. வெப்பமாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைப்போல 270 மடங்கு. ஆக, ஒரு மூட்டைக்கு 90 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குக் கம்பளி தடிக்கிறது.

"அப்போ வெளியே போற வாசல்" என்றாள்.

அதோடு நிற்கவில்லை. அழியாமல் மேலே ஏறும் நைட்ரஸ் ஆக்சைடில் ஒரு பகுதி அடுக்குமண்டலத்தில் NO ஆகி, குளோரின் செய்ததைப்போலவே ஓசோனைத் தின்றுவிட்டுத் தான் செலவாகாமல் திரும்பி வருகிறது. குளோரோ புளூரோ கார்பன்கள் மாண்ட்ரியலால் அடங்கிவிட்ட நிலையில், இன்று மனிதர்கள் வெளியிடும் வாயுக்களில் ஓசோனை அதிகம் சிதைப்பது நைட்ரஸ் ஆக்சைடுதான். ஆனால் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் பட்டியலில் அது இல்லை.

அவள் நோட்டில் இரண்டு வாசலும் வரைந்து, நடுவில் ஒரு மூட்டை வரைந்து, இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டாள்.